நிறுத்திவைத்த கதவுகள்

கதவு விற்கும் அந்தக் கம்பெனியில் ஆர்டர் பிரிவைக் கவனித்துக்கொண்டவரை எல்லோரும் சர்க்கரை என்றுதான் அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சர்க்கரை என்பது கிடங்கில் யாரோ வைத்தது. தொலைபேசியில் அவர் பேசுவதைக் கேட்டவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது. சரக்கு தாமதம் என்றால் "கொஞ்சம் பக்குவமா வந்துட்டு இருக்கு" என்பார். சரக்கே இல்லை என்றால் "உங்களுக்காகத் தனியா ஏற்பாடு பண்றோம்" என்பார். கோபமாகக் கூப்பிட்டவர்கள் நன்றி சொல்லிப் போனை வைப்பார்கள். நாலு நாள் கழித்துத்தான் தங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கு உறைக்கும்.

அவர் பொய்யர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கண்ணை மூடி, தன் வாயால் இன்று யார் மனமும் நோகக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற மனிதர். அந்த வேண்டுதலைக் கடவுள் அப்படியே நிறைவேற்றியும் வந்தார். அதில்தான் சிக்கல்.

வீட்டில் அவர் மனைவிக்கு இந்தக் குணம் பழகிப் போயிருந்தது. தையல்காரர் கால்சட்டையைக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே தைத்துக் கொடுத்தபோது, "காத்தோட்டமா இருக்கு" என்று பாராட்டிக் கூலிக்கு மேலே பத்து ரூபாய் வைத்துவிட்டு வந்தவர் அவர். அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஆபீசுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மனைவி வாசல்வரை வந்து, "தண்ணி எங்கயாவது தேங்கி இருந்தா பயப்படாம இறங்கிப் போங்க" என்பாள்.

அவருக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கடன் கட்டுப்பாட்டைப் பார்க்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வைத்த பெயர் செக்போஸ்ட். யாருக்கு எவ்வளவு கடன் போகலாம் என்று கம்பெனி வைத்த கிரெடிட் லிமிட்டைக் காவல் காப்பது அவள் வேலை. ஒரு வாடிக்கையாளர் கட்ட வேண்டிய பழைய பில்களும் புதிதாகக் கேட்கும் ஆர்டரும் சேர்ந்து அந்த லிமிட்டைத் தாண்டினால், கம்ப்யூட்டர் ஆர்டரைத் தானாகவே நிறுத்திவிடும். பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு விழும். அதன் பிறகு கிடங்கில் யாரும் அந்தச் சரக்கை ஏற்ற முடியாது. அவள் விடுவித்தால்தான் உண்டு.

நிறுத்துவது அவள் வேலை. ஆனால் நிறுத்தியதைச் சொல்வது அவள் வேலை இல்லை. வாடிக்கையாளரிடம் ஆர்டர் பிரிவுதான் பேச வேண்டும், கடன் பிரிவு பேசினால் உறவு கெடும் என்று மேலிடத்தில் எப்போதோ முடிவாகியிருந்தது. ஆகவே கெட்ட செய்தி எல்லாம் கம்பெனியிலேயே இனிமையான வாய் வழியாக வெளியே போக வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் அது வெளியே போவதே இல்லை.

அந்த வாரம் காண்ட்ராக்டர் அம்மாவின் ஆர்டரில் சிவப்புக் கோடு விழுந்தது.

காண்ட்ராக்டர் அம்மா ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பிரசவ மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். சின்னக் கட்டடம், இரண்டு மாடி. கட்டுமானத் தொழிலில் பெண் என்பதால் ஒரு காலத்தில் சிமெண்ட் கடைக்காரன்கூடக் கடன் கொடுக்காமல் இருந்து, இப்போது அவனே தேடி வந்து கொடுக்கும் அளவுக்கு நாணயமாக வளர்ந்தவர். மருத்துவமனைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் அடுத்த வாரம் பார்வையிட வருவதாக இருந்தது. பிரசவ அறைக்கும் வார்டுக்கும் கதவு இல்லை என்றால் உரிமம் கிடையாது. உரிமம் இல்லை என்றால் மருத்துவமனையைக் கட்டச் சொன்ன டாக்டரம்மா கடைசித் தவணைப் பணத்தைத் தர மாட்டார். அது இல்லை என்றால் காண்ட்ராக்டர் அம்மா ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாது. கூலி ஒரு வாரம் தள்ளினால் அந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஒரே வாரத்தில் போய்விடும்.

செக்போஸ்ட் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"அண்ணே, காண்ட்ராக்டர் அம்மாவுக்கு லிமிட் இருபது லட்சம். பழைய பில்லு பதினாலரை இருக்கு. புது ஆர்டர் ஒம்பது. மூணரை தாண்டுது. இன்னைக்கே சொல்லிடுங்க. மூணரை கட்டினா நான் உடனே ரிலீஸ் பண்ணிடுவேன். கட்ட முடியலைன்னா என்கிட்ட வரச் சொல்லுங்க, வேற வழி பாக்கலாம்."

சர்க்கரை தலையை ஆட்டினார். ரிசீவரை எடுத்தார். எண்ணை அழுத்தினார். மறுமுனையில் அம்மா, "சொல்லுங்க தம்பி" என்றதும் அவருக்கு அடிவயிற்றைக் கலக்கியது. எப்போதும் தம்பி என்று கூப்பிடுகிற ஒருவரிடம் உங்கள் கணக்கு தாண்டிவிட்டது என்று எப்படிச் சொல்வது? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றார் அம்மா. மழை வருமா என்று கேட்டார். வராது என்றார் அம்மா. அத்தோடு சர்க்கரை போனை வைத்துவிட்டார்.

வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லலாம் என்று தோன்றியது. கடன் பிரிவு தயாராக வைத்திருந்த கடிதம் மூன்று வரிதான். ஆர்டர் நிறுத்தப்பட்டது, காரணம் இது, விடுவிக்க இவ்வளவு கட்டவும். சர்க்கரை அதைப் படித்தார். ஈவிரக்கம் இல்லாமல் இருந்தது. அவர் உட்கார்ந்து அதைத் திருத்தினார். ஒரு மணி நேரம் திருத்தினார். "நிறுத்தப்பட்டது" என்பதை "தனிக் கவனத்தில் வைக்கப்பட்டுள்ளது" என்று மாற்றினார். "லிமிட்டைத் தாண்டியதால்" என்பதை "எங்களுடனான தங்கள் வணிகம், நாங்கள் ஆரம்பத்தில் வகுத்த அளவையும் கடந்து வளர்ந்திருப்பதால்" என்று மாற்றினார். பணம் கட்டச் சொல்லும் வரி என்ன செய்தும் இனிக்கவில்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டு, "இது குறித்துத் தங்கள் வசதிப்படி உரையாடக் காத்திருக்கிறோம்" என்று போட்டார். படித்துப் பார்த்தார். யாருக்கும் நோகாது என்று திருப்தியாக அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் காண்ட்ராக்டர் அம்மாவே கூப்பிட்டார். "தம்பி, முப்பது வருசமா தொழில் பண்றேன். ஒரு கம்பெனிகூட எனக்கு இப்படி ஒரு லெட்டர் போட்டதில்ல. சைட் ஆபீஸ்ல சுவத்துல ஒட்டச் சொல்லிட்டேன்."

அது பாராட்டுக் கடிதம் இல்லை என்று சொல்லச் சர்க்கரைக்கு வாய்வரை வந்தது. ஆனால் இவ்வளவு சந்தோஷப்படுகிறவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? சுவரில் ஒட்டியதைக் கிழிக்கவா சொல்வது? "உங்களுக்கு இல்லாத மரியாதையா?" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

சொல்லத்தான் முடியவில்லை, ஏதாவது செய்தாவது கொடுப்போம் என்று நினைத்தார். மனிதர் நல்லவர், நல்லவர்கள் இந்த இடத்தில்தான் அதிகமாகக் கெடுக்கிறார்கள். ஒன்பது லட்சத்து ஆர்டரை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, கதவுகள் மட்டும், ஐந்து லட்சம். இன்னொன்று, அவற்றுக்கு வேண்டிய மற்ற சாமான்கள், நான்கு லட்சம்: இரும்பு நிலைகள், கீல்கள், தாழ்ப்பாள்கள், கைப்பிடிகள், கதவு தானாகச் சாத்திக்கொள்ள மேலே பொருத்தும் குளோசர்கள். நிலை பதிக்கத்தான் முதலில் வேண்டும், கதவு கடைசியில்தானே என்று கணக்குப் போட்டுச் சாமான் ஆர்டரை முதலில் ஏற்றினார். பழைய பில்லோடு சேர்ந்து பதினெட்டரை. லிமிட்டுக்குள். பச்சைக் கோடு விழுந்து, வண்டியும் கிளம்பியது. அதன் பின்னால் கதவு ஆர்டரை ஏற்றினார். இருபத்துமூன்றரை. மறுபடியும் சிவப்பு.

இருந்தாலும் பாதியாவது போயிற்றே என்று அன்று இரவு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். என்ன இன்றைக்கு முகத்தில் இவ்வளவு வெளிச்சம் என்று மனைவி கேட்டதற்கு, ஒருவருக்கு ஒரு சின்ன உதவி செய்தேன் என்றார். "யாரு, அந்தத் தையல்காரனுக்கா?" என்றாள் அவள்.

சாமான் வண்டி சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நிலைகள் வந்துவிட்டன, கைப்பிடிகூட வந்துவிட்டது என்றால் கதவு நாளையோ மறுநாளோ வந்துவிடும் என்று காண்ட்ராக்டர் அம்மா நினைத்ததில் தவறே இல்லை. தச்சரையும் அவருடைய ஆட்களையும் வேறு எங்கும் போக வேண்டாம் என்று பிடித்து வைத்துக்கொண்டார். நிலைகளைப் பதித்து, கீல்களைத் திருகி வைத்து, அவர்கள் கதவுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு நாள் காத்திருந்தார்கள். தச்சர் வாய்த்துடுக்கானவர். கதவு இல்லாத நிலைக்கு நடுவில் நின்று, கையில் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் திறப்பது போலவும் சாத்துவது போலவும் செய்து காட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்தார். காண்ட்ராக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கூப்பிட்டபோதெல்லாம் சர்க்கரை, கதவு தயாராக இருக்கிறது என்றார். அது சத்தியமான உண்மை. கிடங்கில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காண்ட்ராக்டர் அம்மாவின் கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டோடு கதவுகள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. அவை நகரவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை செக்போஸ்ட் நிறுத்திவைத்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கதவு ஆர்டரைக் கண்டதும் நின்றாள். அதற்கு முன்னால் போன சாமான் ஆர்டரையும் பார்த்தாள். பிறகு எழுந்து, தடுப்பைச் சுற்றிக்கொண்டு நேராக அவருடைய மேஜைக்கே வந்தாள். அது அபூர்வம்.

"அண்ணே, இதை யாரு ரெண்டாப் பிரிச்சது?"

நான்தான் என்றார் சர்க்கரை.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா இல்லையா?"

கடிதம் அனுப்பினேன் என்றார். கொடுங்கள் பார்க்கிறேன் என்று வாங்கி நின்றபடியே படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். அவள் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்குப் புரியவில்லை.

"இதைப் படிச்சா எனக்கே ஒரு கதவு வாங்கணும்போல இருக்கு" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "நீங்க பிரிக்கிறப்ப லிமிட்ல அஞ்சரை லட்சம் இடம் இருந்துச்சு. கதவு அஞ்சு லட்சம்தான். கதவை முதல்ல ஏத்தியிருந்தா போயிருக்கும். கீலும் தாழ்ப்பாளும் எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஆஸ்பத்திரிக் கதவு கிடைக்காது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க, கதவைக் குடுங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னு."

சர்க்கரை தலையைக் குனிந்துகொண்டார். யாரையும் திட்டாமல், கையை நீட்டாமல், அவள் எண்களைத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

"இப்பக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றார்.

"வேணாம். உங்க போனை நான் கேட்டிருக்கேன். நேர்ல போங்க. நேர்ல போனா மழை வருமான்னு கேட்க முடியாது, வானம் தெரியும்." அவள் ஒரு தாளை எடுத்து ஐந்தாறு வரி எழுதி அவர் சட்டைப் பையில் செருகினாள். "இதுல இருக்கிறதை மட்டும் சொல்லுங்க. சர்க்கரை போடாதீங்க."

சைட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேருந்தில் அவர் கடவுளிடம் பேசிக்கொண்டே போனார். வண்டி பழுதாக வேண்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் வேண்டினார். உடனே வெட்கப்பட்டு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சைட் ஆபீஸ் என்பது தகர ஷெட். உள்ளே ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் முழுக்கக் கட்டட வரைபடங்கள். அவற்றுக்கு நடுவில், தூசு படாமல் பிளாஸ்டிக் உறைக்குள், அவருடைய கடிதம். காண்ட்ராக்டர் அம்மா எழுந்து நின்று வரவேற்று, டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தால் அப்புறம் வாயே திறக்க முடியாது என்று சர்க்கரைக்குத் தெரியும். அதனால் நின்றபடியே சொன்னார்.

"அம்மா, உங்க கதவு ஆர்டர் நிறுத்தி வெச்சிருக்கு. வராது. உங்க லிமிட் இருபது லட்சம், அதைத் தாண்டி மூணரை ஆகுது. முதல் நாளே சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

காண்ட்ராக்டர் அம்மா அவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரோரம் போய்க் கடிதத்தை மறுபடி, இந்த முறை மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் படித்தார். ஒவ்வொரு வரியும் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. ஷெட் வாசலில் நின்ற தச்சர், சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, இந்த லெட்டர் வந்த அன்னைக்கு என் கணக்குல நாலு லட்சம் இருந்துச்சு. டாக்டரம்மா குடுத்த தவணை."

அது இப்போது எங்கே என்று கேட்டார் சர்க்கரை.

"டைல்ஸ்காரன் அன்னைக்கே வந்து மூஞ்சிக்கு நேரா, மேடம் என் பணம் வேணும்னு கேட்டான். என்னடா இவன், கொஞ்சம்கூட மரியாதை இல்லாம கேக்கறான்னு நினைச்சேன். உங்க கம்பெனிதான் நம்மளை மதிக்குது, அவங்களுக்கு அவசரம் இல்லைன்னு அவனுக்குக் குடுத்துட்டேன். கேட்டவனுக்குக் குடுத்தேன். நீங்க கேக்கவே இல்லையே, தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். யாருக்கும் நோகாமல் வாழ்ந்துவிட்டதாக நினைத்திருந்த மனிதருக்கு, தன்னுடைய மென்மைக்கு இன்னொருவர் நாலு லட்சம் விலை கொடுத்திருக்கிறார் என்பது அந்தத் தகர ஷெட்டின் நடுவில்தான் தெரிந்தது. கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார்.

"அழுதா கதவு வருமா?" என்றார் காண்ட்ராக்டர் அம்மா. "உக்காருங்க. என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்தார். செக்போஸ்ட்டின் கையெழுத்து அவள் பேச்சைப் போலவே வளைவு இல்லாமல் இருந்தது. விடுவிக்க மூன்று வழி எழுதியிருந்தாள். ஒன்று, மூன்றரை லட்சம் பழைய பில்லுக்குக் கட்டுவது. அது இப்போது கையில் இல்லை. இரண்டு, ஆர்டரைக் குறைப்பது. அதிகாரிகள் பார்க்க வருவது கதவைத்தான், அதில் குறைக்க முடியாது. மூன்று, தற்காலிகமாக லிமிட்டை உயர்த்திக் கேட்பது. லிமிட்டில் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது இரண்டு லட்சம் வரை, நிதி மேனேஜர் கையெழுத்துப் போடலாம். அதற்கு இரண்டு நிபந்தனை. கெடு தாண்டிய பில் ஒன்றும் இருக்கக் கூடாது. உயர்த்திக் கேட்கும் தொகைக்குப் பின்தேதி போட்ட செக் கொடுக்க வேண்டும்.

கெடு தாண்டியது ஒரே ஒரு பில், ஐம்பதாயிரம். மற்றவற்றுக்கு இன்னும் காலம் இருந்தது. காண்ட்ராக்டர் அம்மா போனை எடுத்து அங்கேயே அதைக் கட்டினார். பில் எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள் என்று தாளில் அடிக்கோடிட்டிருந்தது. எண் இல்லாமல் வரும் பணம் எந்தப் பில்லுக்கு என்று தெரியாமல் கணக்கில் சும்மா கிடக்கும், பாக்கி குறையாது. சர்க்கரை எண்ணைச் சொல்ல, அவர் அழுத்தினார். இப்போது தாண்டுவது மூன்று லட்சம்.

"மேனேஜர் ரெண்டுதானே ஏத்துவார். மிச்சம் ஒண்ணுக்கு என்ன பண்றது?" என்றார் காண்ட்ராக்டர் அம்மா.

தாளில் அதற்கு வழி இல்லை. தாளுக்கு வெளியே யோசித்துப் பழக்கம் இல்லாத சர்க்கரை, வாசலில் நின்ற தச்சரைப் பார்த்தார். தச்சர் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைக் காலால் தட்டினார்.

"இந்தக் குளோசர் எல்லாம் இப்போ எதுக்கு? வார்டுக்கும் பிரசவ ரூமுக்கும் எடுத்தாச்சு. இது ரெண்டாவது மாடிக்கு. மாடிக்கு இன்னும் பெயிண்டே அடிக்கல. பெட்டியே பிரிக்கல."

சர்க்கரை குனிந்து பெட்டிகளை எண்ணினார். ஒன்றேகால் லட்சம் மதிப்பு. முத்திரை பிரிக்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் போட்டால் அந்தத் தொகை பாக்கியிலிருந்து கழியும். மீதி ஒன்றேமுக்கால். மேனேஜரின் இரண்டுக்குள் அடங்கிவிடும். தான் ஒருவருக்கும் நோகாமல் முந்திக்கொண்டு அனுப்பிய சரக்கைத் தானே ஆட்டோவில் ஏற்றித் திருப்பி எடுத்துப் போக வேண்டும். அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். தச்சரும் ஒரு பெட்டியைத் தூக்கினார். "அண்ணே, இதுக்கும் ஒரு லெட்டர் போடுங்க, உங்க குளோசர் எங்கள் அன்பைத் தேடி வருதுன்னு" என்றார்.

காண்ட்ராக்டர் அம்மா ஒன்றேமுக்கால் லட்சத்துக்குச் செக் எழுதினார். தேதி, உரிமம் வந்த பின் டாக்டரம்மா தவணை கொடுப்பதாகச் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் தள்ளி. கிழிக்கும் முன் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"அதிகாரிங்க திருப்பி அனுப்பிட்டா இந்தச் செக் என்ன ஆகும்னு தெரியுமா தம்பி?"

திரும்பி வரும், அதற்குப் பிறகு கம்பெனி ரொக்கத்துக்குத்தான் சரக்குக் கொடுக்கும் என்று சர்க்கரை சொன்னார். ஒரு வார்த்தைகூட மெழுகாமல் சொன்னார். சொன்ன பிறகு தன் குரலையே யாரோ பேசியது போலக் கேட்டார். காண்ட்ராக்டர் அம்மா தலையை ஆட்டிவிட்டுச் செக்கைக் கிழித்துக் கொடுத்தார்.

ஆட்டோ கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை. திரும்பி வரும் சரக்கைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டிய கிடங்குக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேனேஜரோ மதியத்துக்கு மேல் வெளியூர் கிளம்புகிறவர். அவர் போய்விட்டால் கையெழுத்து அடுத்த வாரம்தான். சர்க்கரை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது செக்போஸ்ட் கையில் பிரிக்காத டிபன் டப்பாவோடு கிடங்குக்குள் வந்தாள். எல்லோரையும் நிறுத்திவைக்கிற அவள் அன்று யாரையும் காத்திருக்க வைக்கவில்லை. டப்பாவை ஒரு கதவின் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி முத்திரையைப் பார்த்தாள். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. அதை மட்டும் பிரித்துப் பார்த்து, உள்ளே சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கிடங்கு மேற்பார்வையாளரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிவந்து அவருடைய கையெழுத்தையும் வாங்கினாள். பிறகு கிரெடிட் நோட்டைத் தானே போட்டாள்.

இருவரும் மேனேஜரின் அறைக்கு ஓடினார்கள். அவர் ஒரு கையில் பையைத் தூக்கியிருந்தார். கெடு தாண்டிய பில் உண்டா என்றார். இல்லை, இன்று காலை கட்டியாயிற்று என்றாள் அவள். செக் எங்கே என்றார். சர்க்கரை நீட்டினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பை கீழே இறங்கவே இல்லை. மேஜைக்குத் திரும்பி வந்து செக்போஸ்ட் ஒரு பொத்தானைத் தட்டினாள். கதவு ஆர்டரின் பக்கத்தில் கோடு பச்சையாயிற்று.

மாலையில் கதவுகள் சைட்டுக்குப் போயின. தச்சர் இரண்டு நாள் ராப்பகலாக நின்று மாட்டினார். அதிகாரிகள் வந்தபோது பிரசவ அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். அது சத்தமில்லாமல் தானாகச் சாத்திக்கொண்டது. ஒருவர் இன்னொரு முறை தள்ளினார். மறுபடியும் சாத்திக்கொண்டது. இரண்டாவது மாடிக்கு யாரும் ஏறவே இல்லை. உரிமம் வந்தது. டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பணம் கொடுத்தார். செக்கும் கணக்கில் சேர்ந்தது. அந்த மருத்துவமனையில் முதல் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது, சர்க்கரை ஆபீசில் எல்லோருக்கும் தன் செலவில் மிட்டாய் கொடுத்தார். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டவர்களுக்கு இன்னொரு மிட்டாயும் கொடுத்தார்.

விஷயம் அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் காண்ட்ராக்டர் அம்மா கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். நன்றி சொல்லித்தான். உங்கள் ஆர்டர் பிரிவில் இருக்கிறவர் நேரில் வந்து, ஒரு பூச்சும் இல்லாமல், ஆர்டர் நிற்கிறது, இதைச் செய்தால் விடுவிக்கலாம் என்று சொன்னார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி நேர்மையாக யாரும் பேசியதில்லை என்று எழுதியிருந்தார். முதல் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது அவர் செய்த தர்மம். ஆனால் அந்தத் தர்மத்தின் பலன் வேறு மாதிரி விழுந்தது. மேலிடத்தில் அதைப் படித்தவர்கள் கூடிப் பேசி, கெட்ட செய்தி சொல்லும் தனித் திறமை இந்த மனிதரிடம் இருக்கிறது, இதை வீணாக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து, நிறுத்திவைத்த ஆர்டர்களை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தெரிவிக்கும் வேலை முழுக்கச் சர்க்கரைக்கு. மேஜையும் கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கம் போய்விட்டது.

உத்தரவைப் படித்துவிட்டு அவர் தன் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு தடுப்பின் அந்தப் பக்கம் போனார். செக்போஸ்ட் தன் மேஜையைக் கொஞ்சம் தள்ளி அவருக்கு இடம் விட்டாள். "வாங்கண்ணே. இங்க காத்து நல்லா வரும்" என்றாள். அது பொய். அங்கே காற்றே வராது. அவளுக்கும் அந்த ஒரு பொய் சொல்லத் தோன்றியது.

முதல் நாள் பட்டியலில் முதலாவதாக இருந்தது காண்ட்ராக்டர் அம்மாதான். இரண்டாவது மாடிக்குக் குளோசர்களைத் திருப்பிக் கேட்டிருந்தார், கூடவே புதிதாக ஒரு பள்ளிக்கூடத்துக்கான கதவுகளும். மறுபடியும் லிமிட் தாண்டியிருந்தது. சர்க்கரை எண்ணை அழுத்தினார். மறுமுனையில் "சொல்லுங்க தம்பி" என்றது குரல். அடிவயிறு கலக்கத்தான் செய்தது. அது போகாது, போக வேண்டியதும் இல்லை; அடுத்தவர் மனம் நோகுமே என்று கலங்காத வயிறு எதற்கு?

"அம்மா, உங்க ஆர்டர் நிக்குது. எம்பதாயிரம் தாண்டுது. பழைய பில்லுல அவ்வளவு கட்டினா இன்னைக்கே விட்டுடலாம்."

"எந்தப் பில்லு?"

அவர் எண்ணைச் சொன்னார். மறுமுனையில் பேனா உரசும் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் கட்டிவிடுவதாக அம்மா சொன்னார். பிறகு, கொஞ்சம் தயங்கி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

சௌக்கியம் என்றார் சர்க்கரை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டதால், இந்த முறை அதைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது.